தாலி, கயிறு, மாலை: பினாங்கு தொழிற்சாலை வேலைக்கு வருபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கில் வேலை என்றால் நம்மவர்களில் பலருக்கு அது பாயான் லெப்பாஸ்தான். 1972இல் தொடங்கிய அந்தத் தொழில்வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஊரில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு முதல் வாரத்தில் வரும் அதிர்ச்சி சம்பளமோ சாப்பாடோ அல்ல. உடை மாற்றும் அறையில் தொங்கும் ஒரு பட்டியல்தான்: நகை கூடாது, பவுடர் கூடாது, மேக்கப் கூடாது, கையில் கயிறு கூடாது. நெற்றியில் விபூதியும் கழுத்தில் தாலியும் கையில் காப்புக் கயிறுமாக நிற்பவருக்கு அது தன்னைக் குறிவைத்து எழுதியது போலவே இருக்கும்.

பெரும்பாலும் அப்படி இல்லை. ஆனால் சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்த விதி எதைக் காப்பாற்றுகிறது? பொருளையா, உங்கள் உடம்பையா, கம்பெனியின் தோற்றத்தையா? முதல் இரண்டில் பேரம் பேச இடம் குறைவு, மாற்று வழி தேட இடம் உண்டு. மூன்றாவதில்தான் நியாயம் கேட்கலாம்.

முதலில் பொருள். கிளீன் ரூம் என்பது காற்றில் மிதக்கும் தூசியை எண்ணிக் கட்டுப்படுத்தும் அறை. ஐ.எஸ்.ஓ. 5ஆம் வகுப்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் அரை மைக்ரான் எவ்வளவு சிறியது என்று புரியும். விபூதியும் குங்குமமும் இயல்பிலேயே நுண்ணிய பொடிகள். மேலே தொப்பி மூடியிருந்தாலும் வியர்வையோடு உள்ளே உதிர்ந்து, கழுத்து வழியாக வெளியே வரும். சாம்பலில் பொட்டாசியம், கால்சியம் உப்புகளும் உண்டு. மூடி முத்திரை போடாத சிப் மீது உப்பும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகம் அரிக்கத் தொடங்கும். அதனால் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் வீட்டில் இட்டு, கோயிலில் நின்று, வேலைக்கு நுழையும் முன் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் மறுபடி இட்டுக்கொள்ளலாம். துடைப்பது அபசாரமா என்று தயங்குபவர்களுக்கு என் கருத்து: நீராடும்போதும் அது போகத்தானே செய்கிறது.

தாலியில் பலர் தடுமாறுவார்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பக்திக்கு உகந்தது என்று நாம் நினைக்கும் மஞ்சள் கயிறுதான் கிளீன் ரூமுக்கு மிகப் பெரிய தொந்தரவு. பருத்தி நூல் நார் உதிர்க்கும், மஞ்சளும் உதிரும். அதைவிடத் தங்கச் சங்கிலியில் கோத்த தாலி நல்லது. முழு உடலையும் மூடும் உடைக்குள், உள்சட்டைக்கும் கீழே, சருமத்தோடு ஒட்டி இருந்தால் பல ஆலைகள் அனுமதிக்கும். அதை வெளியே தெரியவிடாமலும் அசையாமலும் வைப்பது உங்கள் பொறுப்பு. வாசலில் சூப்பர்வைசரிடம் வாதாடாமல், பயிற்சிக்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மின்சாரம் ஓடும் இயந்திரத்தைத் திறந்து பழுது பார்க்கும் வேலை என்றால் கதை வேறு. தொங்கும் உலோகச் சங்கிலி உங்களையே ஆபத்தில் தள்ளும். அங்கே கழற்றித்தான் ஆக வேண்டும், அல்லது அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

கையில் கட்டும் கயிற்றுக்கு இன்னொரு சிக்கல். நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டுவிடாமல் இருக்க, மணிக்கட்டில் ஒரு பட்டை போட்டுத் தரையோடு இணைப்பார்கள். அந்தப் பட்டை சருமத்தை நேராகத் தொட வேண்டும். இடையில் கயிறு இருந்தால் நுழைவாயிலில் உள்ள சோதனைக் கருவி சிவப்பு விளக்கு காட்டும், அன்று நீங்கள் உள்ளே போக முடியாது. பட்டையைக் கயிறு இல்லாத கையில் மாட்டினால் விளக்குப் பிரச்சினை தீரும், ஆனால் நூல் நார் உதிர்க்கும் பிரச்சினை அப்படியே இருக்கும். ஆகவே கயிற்றைப் புஜத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பலர் அப்படிக் கட்டுவதும் வழக்கம்தான், சட்டையும் மூடிவிடும்.

இப்போது உடம்பைக் காக்கும் விதி. இதில் ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இரசாயனத் தொட்டிகள் உள்ள பிரிவில் டெக்னீஷியனாக ஒரு தம்பி வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை முதல் தேதி, அதாவது நவம்பர் நடுவில், ஐயப்பனுக்கு மாலை போடப்போகிறார். 41 நாள் தாடி எடுக்க மாட்டார், கறுப்பு உடுத்துவார், செருப்பு போட மாட்டார். ஆலையிலோ சீருடை உண்டு, பாதுகாப்புக் காலணி கட்டாயம், திரவம் மாற்றும்போது மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடி அணிய வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கறுப்பு உடை சீருடைக்கு உள்ளே போகலாம், துளசி மாலையும் அப்படியே. காலணியில் விட்டுக்கொடுக்க இடமில்லை, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994 முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கடமை வகுத்திருக்கிறது. வேலை நேரத்தில் மட்டும் காலணி அணியலாமா என்று குருசாமியிடம் கேட்க வேண்டியதுதான், பலர் ஒத்துக்கொள்வார்கள். தாடிதான் உண்மையான முட்டுக்கட்டை. அந்த முகமூடி ரப்பர் விளிம்பு சருமத்தில் ஒட்டினால்தான் வேலை செய்யும். ஓரிரு நாள் முளைத்த முடியே விளிம்பைத் தூக்கிவிடும், ஆவி இடுக்கு வழியாக உள்ளே போகும். எனவே “தாடியோடு முகமூடி போட்டுக்கொள்கிறேன்” என்று சொல்வது தீர்வு அல்ல. அதை ஏற்கிற சூப்பர்வைசர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

தீர்வுகள் இரண்டு. ஒன்று, பேட்டரியில் ஓடும் காற்றூதியோடு தலை முழுவதையும் தளர்வாக மூடும் கவசம். அதற்குத் தாடி தடையில்லை. ஆனால் விலை அதிகம், சில கம்பெனிகளிடமே இருக்கும். இரண்டாவது எளிது: அந்த 41 நாளும் முகமூடி தேவைப்படாத பகுதிக்கு மாற்றம். கிளீன் ரூமின் மற்ற பகுதிகளில் தாடிக்கென்றே ஒரு வலை உறை உண்டு, அதை மாட்டினால் போதும். இதைக் கேட்க நவம்பர் 16ஆம் தேதி காலை போய் நிற்கக் கூடாது. ஷிப்ட் பட்டியல் முன்கூட்டியே போடப்படும், அதனால் அக்டோபர் தொடக்கத்திலேயே கடிதம் கொடுங்கள்.

கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு பக்கம் போதும். என்ன விரதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதை மாற்ற முடியாது, எதை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள், பதிலுக்கு என்ன வேலை செய்யத் தயார் என்று எழுதுங்கள். குருசாமியிடமோ கோயில் நிர்வாகத்திடமோ ஒரு வரி வாங்கி இணையுங்கள். இது ஏன் என்றால், தைப்பூசம் இங்கே எல்லோருக்கும் தெரியும், பினாங்கில் பொது விடுமுறையும் உண்டு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக மொட்டை போட்டு வந்தால் மலாய்ச் சூப்பர்வைசரோ சீன மேனேஜரோ விளக்கம் கேட்கவே மாட்டார்கள். ஆனால் ஐயப்ப விரதம் அவர்களில் பலருக்குப் புதிது. நாற்பது நாளுக்கு மேல் ஒருவர் முகம் மழிக்காமல் வருகிறார் என்று மட்டுமே தெரியும்.

மூன்றாவது வகை தோற்றம். ஹோட்டல் வரவேற்பு, கடை, கோலாலம்பூர் ஆபீஸ்களின் முன்மேசை எல்லாம் இதில் வரும். “வாடிக்கையாளர் முன் தாடி கூடாது, பொட்டு கூடாது, தலைத்துணி கூடாது” என்ற விதிகளுக்குப் பின்னால் பொருளும் இல்லை, ஆபத்தும் இல்லை. 2017இல் சில ஹோட்டல்கள் முன்வரிசை ஊழியர்கள் துடோங் என்ற தலைத்துணி அணியக் கூடாது என்று சொன்னது நாடு முழுக்கப் பெரிய சர்ச்சையானது. தமிழ் முஸ்லிம் பெண்கள் இதை நினைவில் வையுங்கள்: வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் விதிப் புத்தகத்தைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால், “நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்” என்பார்கள்.

சட்டம் எவ்வளவு உதவும்? நம்மவர்கள் அடிக்கடி சொல்வது, “அரசியல் சாசனத்திலேயே மத சுதந்திரம் இருக்கிறதே” என்பது. 11ஆவது விதியில் இருக்கிறதுதான். ஆனால் சாசனம் கொடுக்கும் அடிப்படை உரிமைகள் அரசாங்கத்தை நோக்கியே நிற்கும், தனியார் முதலாளியை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் சொல்லிவிட்டது. அரசு வேலையிலும் எல்லை உண்டு. பர்தா அணிந்து வேலைக்கு வந்து பணிநீக்கம் ஆன ஓர் அரசு ஊழியரின் வழக்கில், தடை செல்லும் என்று மலேசியாவின் அன்றைய உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது.

தனியார் வேலைக்கு இன்று கையில் இருப்பது வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன் 69எஃப் பிரிவு, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையில் பாகுபாடு காட்டினார்கள் என்று தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், இலாகா விசாரித்து உத்தரவு போடலாம், மீறினால் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். சம்பள வரம்பு இதற்கு இல்லை. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை, மதம் என்று பெயர் சொல்லவும் இல்லை. அதனால் “மற்றவருக்கு அனுமதித்தார்கள், எனக்கு மட்டும் மறுத்தார்கள்” என்று காட்ட முடிகிற புகார்தான் நிற்கும். விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் வாதம் பலவீனம்.

கம்பெனி காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தால் மௌனமாக இருக்காதீர்கள். சொன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் கொடுத்த கடிதம் அப்போதுதான் பயன்படும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: உங்கள் வேலை பாஸ் அந்த முதலாளியோடு கட்டப்பட்டது, வேலை போனால் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். சண்டைக்குப் போவதற்கு முன், பாஸ் எப்போது முடிகிறது, வேறு வேலை கிடைக்க வாய்ப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் வேலையை விட்டு நீக்கிவிட்டால், தொழில்துறை உறவுச் சட்டம் 1967இன் 20ஆவது பிரிவின்படி தொழில்துறை உறவு இலாகாவில் முறையீடு செய்யலாம். காலக்கெடு நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். கம்பெனிக்குள்ளே மேல்முறையீடு கொடுத்துவிட்டு, “எச்.ஆர். பார்க்கிறேன் என்றார்கள்” என்று காத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பு 60 நாள் கணக்கை நிறுத்தாது. உள்ளே மேல்முறையீடு நடக்கும்போதே இலாகா முறையீட்டையும் கொடுத்துவிடுங்கள்.