மணியும் சுப்பிரமணியனும் ஒருவரே

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று ஒவ்வொருவர் பெயரும் எந்தக் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். தெரியவில்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள். 26 வருடமாக நான் அதைக் கேட்கவில்லை. 3 வார விடுமுறையில் 11 நாள் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் போயிற்று.

அப்பாவின் பெயர் சுப்பிரமணியன். ஊரில் அவர் மணி. அவர் இறந்தபோது நான் வரவில்லை; டிக்கெட் கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் தங்கைதான் ஓடியாடி வாங்கி வைத்திருந்தாள். இரண்டிலும் சுப்பிரமணியன். இனி பட்டாவை எங்கள் மூன்று பேர் பெயருக்கும் மாற்றுவதுதான் பாக்கி. பட்டா நகலை எடுத்துப் பார்த்தால் ‘சுப்பையா மகன் மணி’ என்று இருக்கிறது.

எப்படி வந்தது என்று அங்கே யாருக்கும் ஆச்சரியமே இல்லை. 1980களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேட்டை ஊர் ஊராகப் புதுப்பித்தார்கள். அதில் ஏறிய பெயர்ப் பிழைகளை இன்றும் ஜனங்கள் சுமந்துகொண்டு அலைகிறார்கள். “இது யாரு வயல்?” என்று யாராவது கேட்டிருப்பார்கள், “நம்ம மணி வயல்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான்.

மணி என்பது வாலை எடுத்துக்கொண்ட சுருக்கம். பாலசுப்பிரமணியனும் மணிதான், சிவசுப்பிரமணியனும் மணிதான். அதனால் மணி என்ற பெயரை வைத்து முழுப்பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. தலையை எடுத்துக்கொண்டால் அப்பா சுப்பு ஆகியிருப்பார்.

தலையை எடுத்துக்கொண்டு சுருக்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் நாக்குக்குத் தெரியும். முதல் எழுத்து நெடிலாக இருந்தால் அதோடு அடுத்த மெய்யில் ஓர் உகரம் போதும்: ராமநாதன் ராமு, ஜானகி ஜானு, சீனிவாசன் சீனு. குறிலாக இருந்தால் அது தனியாக நிற்காது, பின்னால் ஒரு வல்லினத்தை இரட்டித்துத் தாங்கல் கொடுக்கிறோம்: சுப்பு, விசுவநாதனுக்கு விச்சு, ருக்மிணிக்கு ருக்கு, லட்சுமிக்கு லச்சு. கிருஷ்ணனில் நாக்கு புரளாத இடமெல்லாம் உதிர்ந்து கிட்டு ஆகிவிடும். சரசு, அலமு மாதிரி சிலது கணக்குக்கு அடங்காமல் இருக்கும். முக்கியமாக, உகரத்தில் முடிந்துவிட்டால் ‘அன்’ விகுதியும் ‘அம்மாளும்’ போய்விடும். காகிதத்தில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

பெயரோடு சம்பந்தமே இல்லாத வீட்டுப் பெயர்கள் வேறு உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைச் சுமப்பவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த காலம். தன் பிள்ளையையே அவள் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் ஐயா, தம்பி, ராசா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிடும். எங்கள் பெரியண்ணனுக்குத் தாத்தா பெயர், சுப்பையா. அம்மா சாகும்வரை அவனை ராசா என்றுதான் அழைத்தாள். ரேஷன் கார்டில் அவன் ராசாவாக ஏறாதது எங்கள் அதிர்ஷ்டம்.

சரி, ஆபீஸுக்கு வருகிறேன். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரணைக்குப் போயிற்று. அவர் ஊருக்குப் புதியவர். தெருவில் நின்று “சுப்பிரமணியன்னு ஒருத்தர் இருந்தாரா?” என்று கேட்டிருக்கிறார். எதிர்வீட்டுப் பெரியம்மா, எனக்குச் சோறூட்டியவள், “அப்படி யாரும் இங்கன இல்லய்யா” என்று சொல்லிவிட்டாள். மனு திரும்பி வந்தது.

அடுத்தது இனிஷியல். பெரியண்ணனைப் பள்ளியில் சேர்த்தது தாய்மாமா. அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு மணி என்று சொல்லிவிட்டார். ஆகவே அவன் எம். சுப்பையா. தங்கையையும் என்னையும் அப்பாவே கூட்டிப்போய்ச் சேர்த்ததால் நாங்கள் எஸ். கிளார்க் மூன்று ஆதாரையும் பரப்பி வைத்துக்கொண்டு, “மூணு பேருக்கும் ஒரே அப்பாதானே?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்கு எரிச்சலைக் கிளப்பிய அந்த ‘எம்’தான் கடைசியில் வழி திறந்தது. தங்கை கேட்டாள்: “பெரியண்ணன் டி.சி.யில தந்தை பெயர் மணி. என் டி.சி.யில சுப்பிரமணியன். ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்கன்னு நீங்க குடுத்த வாரிசுச் சான்றே சொல்லுது. அப்ப மணி யாரு?” இரண்டு பள்ளிச் சான்றிதழ்கள், தாத்தா அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழி, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கொடுத்தோம். இதில் மூலப்பத்திரம்தான் கனமானது. பட்டாவில் உள்ள அதே சர்வே எண், ஆனால் முழுப்பெயர். உங்கள் வீட்டில் அது எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று முதலில் கேட்டு வையுங்கள். கெஜட்டில் பெயர் மாற்றலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது உயிரோடு இருப்பவர் தனக்காகச் செய்வது. பட்டாவை eservices.tn.gov.in தளத்தில் வெளிநாட்டிலிருந்தே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்திருக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலருக்கு அண்ணன் இன்னொன்றையும் காட்டினான். அப்பாவின் பதினாறாம் நாள் பத்திரிகை. ‘சுப்பிரமணியன் (எ) மணி’ என்று அச்சிட்டிருந்தது. (எ) என்றால் என்கிற. ஆங்கிலக் காகிதத்தில் இதையே @ என்று போடுவார்கள். சட்டப்படி அது செல்லாத காகிதம்தான். ஆனால் அதைக் காட்டிக் கேட்டபோது தெருவே “நம்ம மணியண்ணன்லா” என்றது. அந்தப் பத்திரிகையை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அழைப்பவர்கள் வரிசையில் என் பெயரும் இருந்தது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கை கோமதி. சங்கரன்கோவில் அம்மன் பெயர், எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கோமு உண்டு. ஆனால் இவள் இப்போது தலைமையாசிரியை. ஆபீஸில் இரண்டு பேர் அவளிடம் படித்தவர்கள், டீச்சர் என்று எழுந்து நிற்கிறார்கள். நான் அத்தனை பேர் நடுவில், “ஏ கோமு, அந்தக் கவரை எடு” என்றேன். அவள் எடுக்கவில்லை. காதில் விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் மூத்தவர்களைச் சுருக்கத்தோடு முறை சேர்த்து மணியண்ணன், கோமு அத்தை என்று சொன்னால் அதில் பாசமும் மரியாதையும் இரண்டும் இருக்கும். முறை சேர்க்க முடியாத இடத்தில், அதாவது கவுண்டர், பள்ளிக்கூடம், சம்பந்தி வீடு போன்ற இடங்களில், மொட்டைச் சுருக்கம் ஆளைச் சின்னப்பிள்ளையாக்கிவிடும். தங்கையாக இருந்தாலும்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது சொன்னாள்: “அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட இப்ப ஊர்ல யாரும் இல்லண்ணே. அதுக்காக ஆபீஸ்லயா கூப்பிடுவ?”

பட்டா இன்னும் வரவில்லை. திரும்பி வந்த மறுநாள் விவரம் கேட்கப் போன் போட்டேன். புத்தி வந்தவனாக, “கோமதி” என்று ஆரம்பித்தேன். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் குரல் இறங்கிக் கேட்டாள்: “என்னண்ணே, யாருக்கு என்னாச்சு?”