வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு வாழ்த்து அட்டை: விற்பனை எட்டிப் பார்க்கும் வரிகள்

பண்டிகை வாழ்த்து அட்டையில் தள்ளுபடியை அச்சடிக்கக் கூடாது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்பனை என்று எழுதுபவருக்கே தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் வரிகள்தான் தொல்லை. அட்டைப் பெட்டி அச்சடித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம், தன்னிடம் தொடர்ந்து வேலை கொடுக்கும் இன்னொரு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளருக்கு இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, பண்டிகை நல்வாழ்த்துகள். 15 ஆண்டுகளாகத் தரத்தில் சமரசம் செய்யாத எங்கள் நிறுவனம், இந்த ஆண்டு புதிய அச்சு இயந்திரம் ஒன்றை நிறுவியுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் மேலான ஆதரவு வரும் ஆண்டிலும் தொடர வேண்டுகிறோம். மேலும் விவரங்களுக்குக் கீழே உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும்."

வாழ்த்து முதல் வரியோடு முடிந்துவிட்டது. மீதி மூன்றும் அனுப்பியவரைப் பற்றியவைதான். புது இயந்திரம் வந்தது நல்ல செய்தி, ஆனால் அதற்குத் தனி மின்னஞ்சல் இருக்கிறது. கியூஆர் கோடு படிப்பவருக்கு ஒரு வேலை வைக்கிறது. வேலை வைத்த உடனே அது வாழ்த்தாக இல்லாமல் நோட்டீஸாகிவிடுகிறது.

இவற்றில் கவனிக்காமல் தப்பிவிடுவது 'ஆதரவு தொடர வேண்டுகிறோம்' என்ற வரி. பணிவாகத் தெரிவதால் யாரும் அதை அடிப்பதில்லை. ஆனால் அதன் பொருள், அடுத்த ஆர்டரையும் எங்களுக்கே கொடுங்கள் என்பதுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரமாக இருந்தால் படிப்பவருக்கு அது இன்னும் உறுத்தும். நான் அட்டை திருத்தும்போது முதலில் செய்வது, 'எங்கள்', 'நாங்கள்' ஆகியவற்றையும் 'நீங்கள்', 'உங்கள்' ஆகியவற்றையும் எண்ணிப் பார்ப்பது. அடுத்து, இதைப் படித்துவிட்டு அவர் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆம் என்றால் அந்த வரியை எடுத்துவிடுவேன்.

சரி, விற்பனையை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பெரும்பாலும் 'மகிழ்ச்சியும் வளமும் பெருகட்டும்' என்ற ஒற்றை வரி. தவறில்லை, ஆனால் அது யார் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடியது. அந்த இடத்தை நிரப்ப, அந்த ஆண்டில் இரு தரப்புக்கும் இடையில் உண்மையாக நடந்த ஒரு சிறு விஷயம் போதும். அது மார்க்கெட்டிங்காரரிடம் இருக்காது. தினமும் அந்த வாடிக்கையாளரோடு போனில் பேசுபவரிடம் கேட்க வேண்டும்.

நம் பெட்டி நிறுவனத்தில் கேட்டபோது, மார்ச் மாதம் ஒரு பெட்டியின் டிசைன் மூன்று முறை மாறியது என்றும், ஒவ்வொரு முறையும் அந்த மேலாளரே போன் செய்து எது ஏன் மாறுகிறது என்று விளக்கினார் என்றும் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அருமையான விஷயம். ஆனால் இதை எழுதுவதிலும் வழுக்கும் இடம் உண்டு. "நீங்கள் டிசைனை மூன்று முறை மாற்றியபோதும் நாங்கள் சளைக்காமல் செய்து கொடுத்தோம்" என்று எழுதினால் நன்றி சொல்வது போலத் தொடங்கிக் குத்திக்காட்டியதாக முடியும். அந்த அட்டை அவர் மேசையில் நிற்கும், அவருடைய மேலதிகாரியும் எடுத்துப் பார்ப்பார். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு அவர் செய்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்:

"மார்ச் மாத வேலையின்போது ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களே போனில் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் அச்சுப் பிரிவில் அன்று யாரும் குழம்பாததற்கு அதுதான் காரணம். நன்றி. உங்களுக்கும், உங்கள் குழுவினருக்கும், வீட்டில் எல்லாருக்கும் பண்டிகை வாழ்த்துகள். விடுமுறையில் ஒரு நாளாவது போன் அடிக்காமல் இருக்கட்டும்."

இவ்வளவுதான். கையெழுத்துக்கு இடம் விட்டாலும் சிறிய அட்டையில் அடங்கிவிடும். கடைசி வரியின் கேலி, அந்த அளவுக்குப் பழக்கம் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம். இதில் 'தாங்கள்' 'நீங்கள்' ஆனதையும் பாருங்கள். தினமும் "நீங்க அனுப்புங்க சார்" என்று பேசிக்கொள்ளும் இருவருக்கு இடையில் அட்டையில் மட்டும் 'தாங்கள்' வந்தால், வேறு யாரோ எழுதியதாகத் தெரிந்துவிடும். நேரில் பார்த்தே இராத தலைமை அதிகாரிக்கு என்றால் 'தாங்கள்' பொருந்தும்.

எதை நினைவுகூரலாம் என்பதற்கு எல்லை உண்டு. வாழ்த்து அட்டை ரகசியக் கடிதம் அல்ல. வரவேற்பறையில் மற்ற அட்டைகளோடு நிறுத்தி வைப்பார்கள், உங்கள் போட்டியாளரும் அங்கே காத்திருக்கும்போது பார்ப்பார். ஆர்டர் அளவு, விலை, இன்னும் சந்தைக்கு வராத பொருளின் பெயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் நடந்த தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் இடமும் இது அல்ல. மறந்துபோன எரிச்சலை நாமே கிளறிவிட்ட கதையாகும். அதற்கு அப்போதே ஒரு போன் செய்திருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக எழுதி, பெயரில் கோட்டை விடுபவர்கள் நிறைய. பில்லிங் மென்பொருளில் இருக்கும் பட்டியலை அப்படியே இறக்கி, ஒவ்வொரு அட்டையிலும் பெயரைத் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் போடுவார்கள். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் வருவதால், முதல் பெயர் என்ற கட்டத்தில் சில சமயம் இனிஷியல் மட்டும் உட்கார்ந்திருக்கும். அட்டை 'அன்புள்ள கே.' என்று போய்ச் சேரும். கட்டம் இணையாமல் போனால் «First_Name» என்றே அச்சாகிவிடுவதும் உண்டு. இதைவிடச் சங்கடம், வேலையை விட்டுப் போனவர் பெயருக்கு அனுப்புவது. அவர் இடத்தில் வந்தவர்தான் அதைப் பிரிப்பார். பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்தந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் ஆளிடம் கொடுத்து ஒவ்வொரு பெயரையும் டிக் போடச் சொல்லுங்கள். அப்போதே, உங்கள் பில்லை மாதாமாதம் பாஸ் செய்யும் கணக்குப் பிரிவு ஆளின் பெயரையும் சேர்த்துவிடலாம். அவருக்கு யாரும் அட்டை அனுப்புவதில்லை.

கையெழுத்து பேனாவில் இருக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரிந்தவருடையதாக. முதலாளியின் அச்சிட்ட கையெழுத்து மட்டும் இருந்தால், மேலே எழுதிய அந்த மார்ச் மாத நினைவை யாரும் நம்ப மாட்டார்கள். இருநூறு அட்டைக்கு இது முடியாது என்றால், நெருக்கமாக வேலை செய்யும் இருபது பேருக்கு மட்டும் இப்படி எழுதி, மற்றவர்களுக்கு எளிய பொது வாழ்த்து அனுப்புங்கள். எல்லாருக்கும் ஒரே 'நினைவை' அனுப்பிவிடாதீர்கள். ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசைகளில் இருப்பவர்கள் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எந்தப் பண்டிகைக்கு அனுப்புவது என்பதில், பெயரை வைத்து மதத்தை ஊகிக்க வேண்டாம். தெரியாதபோது புத்தாண்டு வாழ்த்து பாதுகாப்பானது.

அட்டை போகும் வாரத்தில் உங்கள் கணக்குப் பிரிவு என்ன அனுப்புகிறது என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். காலையில் வாழ்த்தும் மாலையில் பாக்கி நினைவூட்டலும் வந்தால், அவருக்கு இரண்டும் ஒரே கடிதம்தான். விலை உயர்வு அறிவிப்பும் அப்படியே. வாடிக்கையாளர் நிறுவனம் டெண்டர் பரிசீலனையில் இருக்கும்போது பரிசுப் பொருளோ கூப்பனோ சேர்க்கக் கூடாது. பல நிறுவனங்களில் அதை வாங்கவே அனுமதி இல்லை, வாங்கியவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் பொது வாழ்த்து அட்டை மட்டும் போகட்டும், மார்ச் மாத நினைவு அடுத்த பண்டிகை வரை காத்திருக்கலாம்.