பாதியில் நின்ற ரெக்கார்டிங்: விடுபட்ட முடிவுகளை மீட்கும்போது செய்யக்கூடாதவை

மீட்டிங்கின் ரெக்கார்டிங் பாதியில் நின்றுவிட்டால், கோப்பே போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். ஜூமில் உங்கள் கணினியிலேயே பதிவு செய்திருந்தால், அந்த ஃபோல்டரில் `double_click_to_convert_01.zoom` என்று ஒரு கோப்பு கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால், வீடியோவாக மாற்றும் வேலைதான் பாதியில் நின்றிருக்கிறது, பதிவு அனேகமாக உள்ளேயே இருக்கும்.

அதுவும் இல்லை என்றால், ஞாபகசக்தி உள்ள ஒருவரை எழுதச் சொல்லி எல்லோருக்கும் அனுப்புவதுதான் வழக்கமாக நடப்பது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு, தாம் கேட்டது எது, இப்போது படித்தது எது என்று மற்றவர்களால் எளிதில் பிரித்துப் பார்க்க முடியாது. அன்றைக்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, தங்கள் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஒருவரிடம் கொடுக்கட்டும், அதுவரை யாரும் யாருடையதையும் பார்க்க வேண்டாம்.

ஒரு உதாரணம். 3 மணிக்குத் தொடங்கிய மீட்டிங் 4:10க்கு முடிந்தது, ரெக்கார்டிங் 3:38லேயே நின்றுவிட்டது. புதிய பேமென்ட் பக்கத்தை எப்போது வெளியிடுவது என்பதுதான் விஷயம். ஒருவர் நோட்டில் 15, மற்றவர்கள் நோட்டில் 22. இங்கே நடக்கும் தவறு, எத்தனை பேர் எதை எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. அதை விட்டுவிட்டு நேரம் பதிந்த தடயங்களை வரிசைப்படுத்துங்கள். 3:52க்கு சாட்டில் "22 ஓகே, ஆனா டெஸ்டிங் முடிஞ்சா மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. 4:05க்கு 15ஆம் தேதிக்கு ஒரு காலண்டர் அழைப்பு போயிருக்கிறது, தலைப்பு 'டெஸ்டிங் ரிவ்யூ'. ஆக, இரண்டு தேதியுமே சரி: 15 டெஸ்டிங்கைப் பார்த்து முடிவுசெய்யும் நாள், 22 வெளியீடு. பெரும்பான்மைப்படி 22 என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த 'முடிஞ்சா மட்டும்' காணாமல் போயிருக்கும், அரைகுறை டெஸ்டிங்கோடு பக்கம் வெளியே போயிருக்கும். குறிப்புகளில் முதலில் உதிர்வது இப்படிப்பட்ட நிபந்தனைகள்தான், அதனால் ஒவ்வொரு முடிவிலும் 'எதைப் பொறுத்து?' என்று கேட்டுப் பாருங்கள்.

சாட்டில் பெரும்பாலும் இருப்பது கடிகார நேரம், வீடியோவில் ஓடுவது தொடக்கத்திலிருந்து கழிந்த நேரம், ரெண்டையும் குழப்பிக்கொண்டால் வரிசையே தப்பாகிவிடும். வீடியோவில் யாராவது "லிங்க் சாட்ல போட்டிருக்கேன்" என்று சொல்லும் இடத்தைப் பிடித்தால் இரண்டும் பொருந்திவிடும்.

அப்புறம் இன்னொரு தவறு, தொகுத்த பட்டியலை அனுப்பி 'மறுப்பு வரவில்லை, எனவே சரி' என்று விட்டுவிடுவது. யார் பெயரில் வேலை விழுந்திருக்கிறதோ அவரிடமிருந்து அந்த வரிக்கு மட்டுமாவது 'ஆமாம்' வர வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரம் சாட்டா, நோட்டா, வெறும் ஞாபகமா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஞாபகம் மட்டுமே இருந்து அதிலும் இருவர் முரண்பட்டால், எது நடந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பாதீர்கள். முடிவெடுக்க உரிமை உள்ளவர்கள் பத்து நிமிடம் கூடி மறுபடி முடிவெடுக்கட்டும், அந்த முடிவுக்குப் பழைய மீட்டிங்கின் தேதியைப் போடாமல் அன்றைய தேதியையே போடுங்கள்.