ஒப்பந்தத்தில் மூன்று தேதிகள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கின்றனவா? கண்டுபிடிக்கும் முறை

லிஃப்ட் நிறுவும் ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் 6-ஆம் பிரிவு, 'தொடக்கத் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும்' என்கிறது. கடைசியில் உள்ள கால அட்டவணை இணைப்போ, 'அமலுக்கு வரும் தேதியிலிருந்து 120 நாட்கள்' என்கிறது. படித்தவர்கள் கண்ணில் 120 என்ற எண் இரண்டு இடத்திலும் ஒன்றாகத் தெரிந்தது, கையெழுத்தும் ஆகிவிட்டது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் தேதியின் பெயர் மாறியிருப்பதை யாரும் பார்க்கவில்லை.

அமலுக்கு வரும் தேதி, தொடக்கத் தேதி, நிறைவுத் தேதி, அதாவது எஃபெக்டிவ் டேட், கமென்ஸ்மென்ட் டேட், கம்ப்ளீஷன் டேட் மூன்றும் ஒரே தாளில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும் இந்தச் சிக்கலை, கையெழுத்துக்கு முன்பே எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

முதலில், எது எந்த நாள்?

அமலுக்கு வரும் தேதி என்பது ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தத் தொடங்கும் நாள். பெரும்பாலும் கடைசியாகக் கையெழுத்திடுபவர் கையெழுத்திட்ட நாளையே இதற்கு வைப்பார்கள். தொடக்கத் தேதி, வேலை நிஜமாகத் தொடங்கும் நாள். இடத்தை ஒப்படைத்த நாள், முன்பணம் வந்து சேர்ந்த நாள் என ஏதாவது ஒரு நிகழ்வோடு அதைக் கட்டிவைப்பார்கள். நிறைவுத் தேதி வேலை முடியும் நாள். (நிறுவனப் பங்கு விற்பனை ஒப்பந்தங்களில் கம்ப்ளீஷன் என்றால் பணமும் பங்கும் கைமாறும் நாள். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.)

குழப்பம் எங்கிருந்து வருகிறது? முதன்மைப் பகுதியைச் சட்டப் பிரிவு எழுதுகிறது, கால அட்டவணையைத் தொழில்நுட்பக் குழு தருகிறது, பணம் செலுத்தும் பட்டியலைக் கணக்குப் பிரிவு வேறொரு பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறது. ஆளாளுக்கு ஒரு சொல் பழகியிருக்கிறது. போதாக்குறைக்கு, 'இந்த ஒப்பந்தம் அமலுக்கு வரும் தேதியில் தொடங்கும்' என்ற வழக்கமான வரி ஒன்று எங்காவது இருக்கும். அதில் வரும் 'தொடங்கும்' என்ற வினையைப் பார்த்துவிட்டு, அதுதான் தொடக்கத் தேதி என்று அடுத்த பக்கத்தை எழுதியவர் முடிவுகட்டியிருப்பார்.

படி 1: எல்லாத் தேதிகளையும் வெளியே இழுங்கள்

வரையறைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில், வேர்ட் கோப்பாக இருந்தால் Ctrl+H அழுத்தி, Find தாவலுக்குப் போய், More என்பதைத் திறந்து Use wildcards என்பதைத் தேர்வு செய்து இதைத் தேடுங்கள்:

```
<[A-Z][a-z]@ Date>
```

பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லும் அதையடுத்து Date-உம் வரும் இடங்களெல்லாம் சிக்கும். Effective Date, Commencement Date, Completion Date மட்டும் வந்தால் நல்லது. Start Date, Signing Date என்று வரையறையில் இல்லாத பெயர் ஒன்று தலைகாட்டினால், யாரோ தன் பழக்கச் சொல்லைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேடலில் Date of Commencement, date hereof, date of this Agreement போன்றவை நழுவிவிடும். அதனால் wildcards-ஐ எடுத்துவிட்டு date, commenc, complet, effective, days, months ஆகியவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். கடைசி இரண்டும் முக்கியம். கெடு இருக்கும் இடத்தை அவைதான் காட்டிக்கொடுக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் தேடல் வேலை செய்யாமல் போகலாம். அப்போது பேனாவோடு உட்கார்ந்து படிப்பதுதான் வழி.

படி 2: கடிகாரங்களைப் பட்டியலிடுங்கள்

கெடு ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம். அதை ஓடவைப்பது எந்த நிகழ்வு என்பதுதான் நம் கேள்வி. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன கெடு, எந்தப் பிரிவு, ஒப்பந்தம் சொல்லும் தொடக்கப் புள்ளி எது. சொல்லை நீங்கள் திருத்தாமல், எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்தெழுதுங்கள். நம் லிஃப்ட் ஒப்பந்தத்தில் கிடைத்தவை இவை:

- முன்பணம், பிரிவு 4: தொடக்கத் தேதியிலிருந்து 7 நாட்கள்
- வேலை முடிக்கும் கெடு, பிரிவு 6: தொடக்கத் தேதியிலிருந்து 120 நாட்கள்
- அதே கெடு, இணைப்பு 2: அமலுக்கு வரும் தேதியிலிருந்து 120 நாட்கள்
- தாமத இழப்பீடு, பிரிவு 9: நிறைவுத் தேதியைத் தாண்டும் ஒவ்வொரு முழு வாரத்துக்கும் ஒப்பந்தத் தொகையில் 0.5%, அதிகபட்சம் 10%
- வாரன்டி, பிரிவு 11: நிறைவுத் தேதியிலிருந்து 12 மாதங்கள்
- அதே வாரன்டி, இணைப்பு 3: தொடக்கத் தேதியிலிருந்து 12 மாதங்கள்

ஒரே கெடுவுக்கு இரண்டு தொடக்கப் புள்ளிகள் இருப்பது இப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பட்டியலில் தெரியாத இரண்டு கோளாறுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன.

படி 3: கற்பனைத் தேதிகளைப் போட்டுக் கணக்கிடுங்கள்

முழு முறையிலும் பலன் அதிகம் தருவது இந்தப் படிதான். மூன்று தேதிகளுக்கும் நன்றாக இடைவெளி விட்டு மூன்று நாட்களை வையுங்கள். பக்கத்துப் பக்கத்து நாட்களாக வைத்தால் பிழை கண்ணில் படாது.

கடைசிக் கையெழுத்து 2026 ஜனவரி 12. இடம் ஒப்படைக்கப்பட்டு வேலை தொடங்கியது மார்ச் 2. லிஃப்ட்டைச் சோதித்து ஏற்புச் சான்றிதழ் தந்தது ஜூலை 15.

பிரிவு 6-இன்படி கெடு ஜூன் 30. இணைப்பு 2-இன்படி மே 12. இடைவெளி 49 நாட்கள். ஏற்புச் சான்றிதழ் வந்த ஜூலை 15-ஐ வைத்துப் பாருங்கள்: முதல் கணக்கில் தாமதம் 15 நாட்கள், அதாவது இரண்டு முழு வாரம், இழப்பீடு 1%. இரண்டாவது கணக்கில் தாமதம் 64 நாட்கள், ஒன்பது முழு வாரம், இழப்பீடு 4.5%. வேலையும் அதே, ஆட்களும் அதே. பெயர் மாறியதற்கு மட்டும் ஒப்பந்தத் தொகையில் 3.5% கை மாறுகிறது.

வாரன்டியிலும் இதே கதைதான். இணைப்பு 3-ஐப் பிடித்தால் அது 2027 மார்ச் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். லிஃப்ட் ஓடவே தொடங்காத நான்கரை மாதங்களும் வாரன்டியில் கழிந்துபோகும்.

இணைப்புக்கும் முதன்மைப் பகுதிக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்று சொல்லும் பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. சில ஒப்பந்தங்களில் இணைப்புதான் மேலே நிற்கும். இரண்டு வரியும் முரணே அல்ல, இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடமுண்டு.

படி 4: 'நிறைவு' என்ற சொல்லைத் தனியாகச் சோதியுங்கள்

ஒரே பெயருக்குள் இரண்டு நாட்கள் ஒளிந்திருக்கும் கோளாறு இது. வேலை முடிய வேண்டிய நாளையும் நிறைவுத் தேதி என்பார்கள். வேலை உண்மையில் முடிந்த நாளையும் அப்படியே சொல்வார்கள். நம் ஒப்பந்தத்தின் வரையறை, 'ஏற்புச் சான்றிதழ் வழங்கப்படும் நாள்' என்கிறது. அதாவது உண்மையில் முடிந்த நாள், ஜூலை 15.

இப்போது பிரிவு 9-ஐப் படியுங்கள். நிறைவுத் தேதியைத் தாண்டினால் தாமத இழப்பீடு. முடிந்த நாளைத் தாண்டி வேலை எப்படி முடியும்? எப்போது முடித்தாலும் அதுவே நிறைவுத் தேதி ஆகிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்துப் படித்தால் அந்த இழப்பீட்டுப் பிரிவு ஒருநாளும் இயங்காது.

சரி, வரையறையை ஜூன் 30 என்று கெடு நாளாக மாற்றிவிடலாமா? பிரிவு 9 சரியாகிவிடும், பிரிவு 11 கெட்டுவிடும். லிஃப்ட் கைக்கு வருமுன்பே வாரன்டியில் 15 நாட்கள் ஓடியிருக்கும். வரையறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பிரிவு உடைந்தால், அந்த ஒரு பெயர் இரண்டு வேலை செய்கிறது என்பது உறுதி.

படி 5: வட்டம் அடிக்கிறதா பாருங்கள்

பிரிவு 4-இன்படி முன்பணம் தொடக்கத் தேதியிலிருந்து 7 நாட்களுக்குள் தர வேண்டும். வரையறையில் தொடக்கத் தேதி, 'முன்பணம் பெற்று, இடம் ஒப்படைக்கப்பட்ட நாள்' என்று இருக்கிறது. முன்பணம் வந்தால்தான் தொடக்கம்; தொடங்கினால்தான் முன்பணம். யாரும் ஒப்பந்தத்தை மீறாமலேயே வேலை முடங்கிக் கிடக்கலாம். பிரிவு 4-இல் இருக்க வேண்டியது அமலுக்கு வரும் தேதி. ஒவ்வொரு வரையறையிலும் உள்ள நிகழ்வு, அதே தேதியை நம்பி நடக்கிறதா என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தால் இது சட்டென்று தெரியும்.

இரண்டு தேதிகள் ஒரே நாளாக இருப்பதே பிழை என்று நினைத்துவிட வேண்டாம். கையெழுத்திட்ட அன்றே சேவை தொடங்கும் எளிய ஒப்பந்தத்தில் முதல் இரண்டும் ஒரே நாளாக இருப்பது இயல்பு. அங்கே ஒரே பெயரை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். ஒரே நாளுக்கு இரண்டு பெயர் இருந்தால், ஏதோ வேறுபாடு உத்தேசித்துத்தான் எழுதினார்கள் என்று பின்னால் ஒருவர் வாதாட வழி கிடைக்கும்.

திருத்துவது எப்படி?

நம் லிஃப்ட் ஒப்பந்தத்துக்கு நான்கு பெயர்கள் வேண்டும்: அமலுக்கு வரும் தேதி, தொடக்கத் தேதி, திட்டமிட்ட நிறைவுத் தேதி, ஏற்புத் தேதி. முன்பணம் முதலாவதிலிருந்து ஓடும், 120 நாள் கெடு இரண்டாவதிலிருந்து ஓடும், தாமத இழப்பீடு மூன்றாவதைத் தாண்டினால் வரும், வாரன்டி நான்காவதிலிருந்து தொடங்கும். கெடுவை ஒரே இடத்தில் மட்டும் எழுதி, இணைப்பு 2-இல் 'பிரிவு 6-இல் உள்ளபடி' என்று குறிப்பிட்டால் போதும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒருநாள் ஒன்றை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே அடியாக Replace All கொடுத்து மாற்றாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எந்த நிகழ்வு உத்தேசிக்கப்பட்டது என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். எதிர்த்தரப்பிடம் கேட்காமல் அதை நீங்களே ஊகிக்கவும் முடியாது. '120 நாள் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது, இடம் ஒப்படைத்த நாளா, கையெழுத்தான நாளா?' என்று நேரடியாகக் கேளுங்கள். தேதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பழைய குழப்பமே பதிலாக வரும்.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தம் என்றால், திருத்தம் செய்வது பற்றிய பிரிவை முதலில் பாருங்கள். பெரும்பாலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்துவடிவத் திருத்தம் வேண்டும் என்றுதான் இருக்கும். அப்படியிருந்தால் மின்னஞ்சலில் 'சரி, அப்படியே வைத்துக்கொள்ளலாம்' என்று வரும் பதிலோடு திருப்தி அடையாமல், வழக்கறிஞரிடம் காட்டி ஒரு பக்கத் திருத்த ஒப்பந்தமாக எழுதிவிடுங்கள். அதில் இந்தத் திருத்தம் எந்த நாளிலிருந்து செல்லும் என்பதையும் நாள், மாதம், ஆண்டு போட்டே எழுதச் சொல்லுங்கள்.