கனத்த மேல் இமைகள் சற்றே திறந்து தெரிய: கண்ணைத் திறந்தபடியே போடும் ஒப்பனை

எனக்கு இரண்டு கண்களிலும் புருவத்திற்குக் கீழே இருக்கும் தோல் மடிந்து, மேல் இமையின் பெரும்பகுதியை மூடிக்கொண்டிருக்கும். நேராகப் பார்க்கும்போது கண்ணின் நடுவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இமை தெரியும்; வெளி ஓரத்தில் அதுவும் தெரியாது. காணொளிகளைப் பார்த்து ஐ ஷேடோ போட்டுக்கொண்டு, கண்ணை மூடி அழகு பார்த்துவிட்டுத் திறந்தால், போட்டதெல்லாம் மடிப்புக்குள் போய்விடும். என் சித்தி மகளின் திருமண வரவேற்புப் படங்களில் என் கண்ணில் ஒப்பனை இருந்ததற்கு ஒரே அடையாளம், புருவத்திற்குக் கீழே ஒட்டியிருந்த மஸ்காராக் கறைதான். அதன் பிறகு பல மாதங்கள் வீட்டிலேயே செய்து பார்த்துப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

கண்ணின் வடிவத்தை மாற்றும் முயற்சி இதில் எதுவும் இல்லை. இமையில் ஒட்டும் டேப், பசை, காதுவரை இழுத்த ஐலைனர் வால் ஆகிய மூன்றையும் நான் பயன்படுத்துவதில்லை. கிடைக்கும் பலனும் சிறியதுதான். நன்றாகத் தூங்கி எழுந்தாயா என்று கேட்கும் அளவுக்குத்தான் வித்தியாசம் தெரியும். எனக்கு அது போதும்.

முதலில் வீக்கம் எந்த வகை என்று பாருங்கள்

காலை எழுந்தவுடன் ஒன்றும் மாலை ஐந்து மணிக்கு ஒன்றுமாக, ஒரே சன்னல் வெளிச்சத்தில் இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள். மாலையில் இமை வற்றியிருந்தால், இரவு படுத்திருக்கும்போது தேங்கிய நீர்தான் காரணம். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அது தானாகவே இறங்கும். ஆகவே எழுந்து ஒரு மணி நேரமாவது கழித்து ஒப்பனையைத் தொடங்குங்கள். அவசரமென்றால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை மூடிய கண்களின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருக்கலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கவோ, இமையைத் தேய்க்கவோ வேண்டாம். இரண்டு படங்களிலும் இமை ஒரே மாதிரி இருந்தால், அது தோலும் கொழுப்பும் தரும் கனம். துணியால் அதற்குப் பலன் இல்லை. அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

குறி வைப்பது: நான் இடறிய இடம்

பொதுவாகச் சொல்லித்தருவது, கண்ணை மூடி இமையின் இயற்கையான மடிப்புக் கோட்டில் அடர் நிறத்தைத் தடவ வேண்டும் என்பது. நம்மைப் போன்ற கண்களுக்கு அந்தக் கோடு தொங்கும் தோலுக்கு உள்ளே இருக்கிறது. நிழல் வெளியே தெரிய வேண்டுமானால் அதை மடிப்புக்கு மேலே, கண்ணைத் திறந்த நிலையில் வைக்க வேண்டும். இவ்வளவும் எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனாலும் மாதக்கணக்கில் சரியாக வரவில்லை. கண்ணாடியில் சரியாகத் தெரியும் நிழல், பத்து நிமிடம் கழித்து யாராவது படம் எடுத்தால் பாதி மறைந்திருக்கும்.

காரணம் நெற்றியில் இருந்தது. இமை கனமாக உள்ளவர்கள் கண்ணாடியைப் பார்த்ததும் தம்மை அறியாமலே புருவத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். புருவம் உயர்ந்தால் தோலும் உயர்கிறது. அந்த நிலையில் வைத்த குறி, நெற்றி தளர்ந்ததும் கீழிறங்கி மடிப்புக்குள் போய்விடுகிறது. கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாலும் இதே தவறு நேரும், ஏனெனில் பார்வை கீழே போகும்போது இமையும் இறங்கி மடிப்பு விரிந்துவிடும்.

ஆகவே கண்ணாடியைக் கண் மட்டத்தில், ஒரு கை தொலைவில் நிறுத்துங்கள். கண்ணை மெல்ல மூடி, நெற்றியைத் தளர்த்துங்கள். இடக்கையின் இரண்டு விரல்களைப் புருவத்திற்குச் சற்று மேலே அழுத்தாமல் வைத்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். விரலுக்கு அடியில் தசை அசைந்தால் புருவம் ஏறுகிறது என்று பொருள். மறுபடியும் மூடித் திறங்கள். எனக்கு முதல் நாள் ஐந்தாறு தடவை ஆயிற்று.

நெற்றி அசையாமல் நேராகப் பார்க்கும் அந்த நிலையில், வெளிர் பழுப்புப் பென்சிலால் மூன்று புள்ளிகள் வையுங்கள். முதலாவது கருவிழியின் உள் ஓரத்திற்கு நேர் மேலே, இரண்டாவது அதன் வெளி ஓரத்திற்கு நேர் மேலே, மூன்றாவது கண்ணின் வெளி முனைக்கு மேலே வர வேண்டும். மூன்றுமே தொங்கும் தோலின் விளிம்பிலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். விரல் நுனியால் தடவிப் பார்த்தால், புருவ எலும்பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம் தட்டுப்படும். புள்ளிகள் ஏறத்தாழ அங்கேதான் விழும்.

இப்போது கண்ணை மூடிப் படம் எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் அபத்தமான உயரத்தில் தெரியும். என் இடக்கண்ணில் அவை இமைமயிரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே இருந்தன. பயந்துபோய் நான் அவற்றை இறக்கி வைத்ததால் மேலும் இரண்டு வாரங்கள் வீணாயின. நம்மைப் பார்ப்பவர்கள் நம் திறந்த கண்ணைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு கண்களையும் தனித்தனியாக அளவிடுங்கள். என் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தைவிடக் கனமானது என்பதால், அங்கே புள்ளிகள் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக ஏறுகின்றன.

நிழல்

நிழலிடுவதற்கு முன் பிரைமர் அவசியம். இரண்டு இமைகளுக்கும் சேர்த்து ஓர் அரிசி மணி அளவு போதும். அதற்கு மேல் போனால் மடிப்பில் திரளும். அது காய்ந்ததும் மெல்லிய பவுடர் ஒரு பூச்சு. சென்னை வெயிலில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மேலே படிப்பதில் பயனில்லை.

பளபளப்பில்லாத ஒரே ஒரு பழுப்பு நிறம் போதும். உங்கள் தோலைவிட ஒன்றிரண்டு சாயல் அடர்த்தியாக, சிவப்பு கலவாமல் இருக்க வேண்டும். செம்பழுப்பு வீங்கிய இமையில் அழுத கண் போலத் தெரியும். வெளிர் தோலுக்கென்று வரும் மணல் நிறங்கள் நம் மாநிறத்தில் சாம்பல் பூசியது போலாகிவிடும். பால் அளவாகச் சேர்த்த டிகிரி காபியின் நிறத்தைத் தேடுங்கள். பன்னிரண்டு நிறப் பெட்டிகளை நான் இரண்டு முறை வாங்கி ஏமாந்தேன். அவற்றில் தீர்ந்தது அந்த ஒரு நிறம் மட்டுமே.

சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லாத, கூம்பிய நுனியுள்ள பிரஷ்ஷால் மூன்று புள்ளிகளையும் இணைத்துத் தடவுங்கள். அப்போதும் கண் திறந்தே இருக்க வேண்டும். பிறகு நிறமே தொடாத இன்னொரு பிரஷ்ஷால் மேல் விளிம்பை மட்டும் புருவத்தை நோக்கிக் கலைத்துவிடுங்கள். கீழ் விளிம்பைக் கலைக்காதீர்கள்; நிறம் வீங்கிய பகுதிக்குப் பரவினால் மொத்த இமையும் மங்கலாகிவிடும். வெளி முனைக்கு வரும்போது நிழல் கீழே சரியாமல், புருவத்தின் வால் நுனியை நோக்கிச் சற்று மேலேறி முடியட்டும்.

ஷிம்மர் போட விரும்பினால் கண்ணின் உள் மூலையிலும், திறந்த நிலையில் தெரியும் அந்த 2 மில்லிமீட்டர் இமையின் நடுவிலும் மட்டும் சிறிது வைக்கலாம். புடைத்திருக்கும் தோலில் வைத்தால் ஒளி அங்கேதான் பட்டுத் தெறிக்கும். புடைப்பு இன்னும் பெரிதாகத் தெரியும்.

மையும் மஸ்காராவும்

நமக்குத் தெரியும் இமையே 2 மில்லிமீட்டர்தான். அதில் தடித்த ஐலைனர் கோடு போட்டால் அதுவே முழு இடத்தையும் தின்றுவிடும். பென்சிலை இமைமயிர்களின் வேர்களுக்கு இடையே குத்திக் குத்தி நிரப்புங்கள். தனிக் கோடாகத் தெரியக் கூடாது. கீழிமையின் உள் விளிம்பு நிறையக் காஜல் தீட்டும் பழக்கத்தை விடுவது எனக்குக் கடினமாக இருந்தது. அம்மா இன்றும் என் கண் வெறிச்சென்று இருப்பதாகச் சொல்கிறார். ஆனால் மேலே தோலும் கீழே கருங்கோடும் நெருக்கினால் கண் ஒரு கீற்றாகிவிடும். விடவே முடியாதவர்கள் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் தீட்டிக்கொள்ளலாம்.

மஸ்காராவுக்கு முன்பு கர்லரைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். கீழ்நோக்கி வளரும் இமைமயிர் கண்ணுக்குத் திரை போட்டுவிடும். மடிந்த தோல் கர்லரில் சிக்கினால் உயிர் போகும். ஆகவே குனிந்து பார்த்தபடி, ஒரு விரலால் புருவத்துக்கு அடியில் தோலைச் சற்று ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வேரில் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் மெல்ல அழுத்துங்கள். மஸ்காராவில் என் தேர்வு டியூபிங் வகை. அது ஒவ்வொரு மயிரையும் உறைபோல மூடிக்கொள்வதால் தோலின் எண்ணெயில் கரைந்து மேலிமையில் ஒட்டுவதில்லை. வெதுவெதுப்பான நீரில் தானாகக் கழன்றும் வந்துவிடும். வாட்டர்ப்ரூஃப் வகை சுருளை நன்றாகத் தாங்கினாலும், அதைக் கழற்றத் தினமும் தேய்ப்பதில் இமை வீங்குகிறது என்பது என் அனுபவம்.

பின்குறிப்பு 1: ஐம்பது வயதைக் கடந்த வாசகி ஒருவர், நிழல் தோலின் நுண்சுருக்கங்களில் கோடுகோடாகத் தங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தார். பவுடரைக் குறைத்து, பிரஷ்ஷில் எடுத்த நிறத்தை முதலில் புறங்கையில் தட்டி உதிர்த்துவிட்டு, இழுக்காமல் ஒற்றி ஒற்றி வைக்கச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் சரியாக வந்ததாக எழுதினார்.

பின்குறிப்பு 2: கண்ணாடி அணிபவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். மைனஸ் பவர் கண்ணைச் சிறிதாகக் காட்டும் என்பதால் நிழலைச் சற்று அழுத்தமாக இடலாம். பிளஸ் பவர் எல்லாவற்றையும் பெரிதாக்கும்; கலைக்காமல் விட்ட விளிம்பு அப்படியே வெளியே தெரியும். குறி வைக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடித்ததும் அணிந்து ஒருமுறை சரிபாருங்கள்.

பின்குறிப்பு 3: ஒரு பக்க இமை மட்டும் அண்மையில் இறங்கியிருப்பதாக ஒருவர் எழுதி, புள்ளியை எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டிருந்தார். அது ஒப்பனைக்குரிய விஷயம் அல்ல. தொங்கும் தோலை மெல்லத் தூக்கிப் பிடித்த பிறகும் இமையின் விளிம்பே கருவிழியின் மேல் இறங்கியிருந்தால், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென இறங்கியிருந்தாலோ, கூடவே கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, இரண்டு கண்களின் பாப்பாவும் வெவ்வேறு அளவில் தெரிவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.