பஸ்ஸை அழிக்க வெற்றுப் பிரேம் எடுக்கும்போது எங்கே பிழைக்கிறது?

கல்லடியில் முன்னால் வீதி, பின்னால் பழைய இரும்புப் பாலம் தெரிகிற மாதிரி ட்ரைபொட்டில் படம் எடுக்கிறீர்கள், ஆட்கள் சரியாக நிற்கிற அந்த நொடியில் பஸ் ஒன்று குறுக்கே போகிறது. பாலத்தின் குறுக்குக் கம்பிகளை மென்பொருளை ஊகித்து நிரப்பச் சொன்னால் இல்லாத கம்பியை வரைந்து வைக்கும். பஸ் போனதும் அதே இடத்திலிருந்து எடுத்த வெற்றுப் பிரேமில் உண்மையான கம்பியே இருக்கிறது, அதை அப்படியே கொண்டுவரலாம்.

ஆனால் ட்ரைபொட் அசையவில்லை என்றால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கமரா ஓட்டோவில் இருந்தால், வெள்ளை பஸ் பிரேமை நிறைக்கும்போது படத்தை இருட்டாக்கும், பஸ் போனதும் வெளிச்சமாக்கும், வைட் பேலன்ஸும் மாறும். ஓட்டோபோகஸ் பஸ்ஸைப் பிடித்துவிட்டு அடுத்த பிரேமில் பாலத்துக்குத் தாவினால், பல லென்ஸ்களில் காட்சியின் அளவே சற்று மாறிவிடும். அதனால் முதல் படத்துக்கு முன்பே M மோடு, நிலையான ISO, நிலையான வைட் பேலன்ஸ், மெனுவல் போகஸ் என்று பூட்டிவிடுங்கள், லென்ஸின் ஸ்டெபிலைசரையும் நிறுத்துங்கள். ட்ரைபொட்டைப் பாலத்தின் மேல் வைக்க வேண்டாம், பஸ் ஓடும்போது தளமே அதிரும்.

வெற்றுப் பிரேமைப் பிறகு எடுக்கலாம் என்று விடுவதும் ஆகாது. நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் அந்த லேயருக்கு மட்டும் Curves போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் வெயில் போய் மேகம் வந்து நிழல்களின் விளிம்பே கரைந்துவிட்டால் எந்த Curves-உம் காப்பாற்றாது. முடிந்தால் பஸ் வருமுன் ஒன்று, போனதும் ஒன்று எடுங்கள். வாகனம் ஓயாத நேரத்தில் முழு வீதியும் காலியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு பிரேமில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் காலியாக இருந்தால் போதும்.

போட்டோஷொப்பில் வெற்றுப் பிரேம் கீழே, பஸ் படம் மேலே. உடனே மாஸ்க் போடாமல் மேல் லேயரை Difference-க்கு மாற்றிப் பாருங்கள். எல்லாம் கறுப்பாகி பஸ்ஸும் ஆட்களும் மட்டும் ஒளிர்ந்தால் இரண்டு பிரேமும் பொருந்துகின்றன. பாலத்தின் கம்பிகள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் பிரேம் நகர்ந்திருக்கிறது, இரண்டையும் தேர்ந்து Edit > Auto-Align Layers கொடுங்கள்.

இந்த Difference படமே இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். பலர் பஸ்ஸின் உருவத்தை மட்டும் மாஸ்க் பண்ணுகிறார்கள், அப்புறம் தார் வீதியில் சொந்தக்காரன் இல்லாத நிழல் ஒன்று கிடக்கும். மழை பெய்த வீதியென்றால் ஹெட்லைட்டின் பிரதிபலிப்பும் மிஞ்சும். பஸ் கண்ணாடிக்குள்ளால் தெரிகிற பாலத்தையும் விடக்கூடாது, அது கண்ணாடியின் சாயத்தோடு மங்கலாக இருக்கும். Normal-க்குத் திரும்பி, ஆட்களை விட்டுவிட்டு, பஸ்ஸாலும் அதன் நிழலாலும் பிரதிபலிப்பாலும் ஒளிர்ந்த இடம் முழுவதையும் மேல் லேயரின் மாஸ்க்கில் கறுப்பால் பூசுங்கள். அதன் விளிம்பு தென்னோலையிலோ வாவித் தண்ணீரிலோ விழ வேண்டாம், இரண்டு பிரேமிலும் அவை வேறு வேறு இடத்தில் இருப்பதால் மென்மையான பிரஷ் ஓலையை இரட்டையாகக் காட்டும். கம்பி, மதில், வீதிக்கோடு போன்ற அசையாத இடமாகப் பார்த்து எல்லையை நகர்த்துங்கள்.