பங்கர் ஷாட்: கிளப் மணலில் புதையாமல் வழுக்கிப் போக என்ன செய்ய வேண்டும்

கிரீனுக்குப் பக்கத்து பங்கரில் பந்து விழுகிறது. ஓங்கி ஒரு அடி. மணல் தெறித்து முகத்தில் விழுகிறது, பந்து ஒரு சாண் நகர்ந்து அங்கேயே நிற்கிறது. கோல்ஃப் ஆரம்பித்த பெரும்பாலானோருக்கு நடப்பது இதுதான். பலம் போதவில்லை என்று நினைத்து அடுத்த அடியை இன்னும் வேகமாக அடிப்பார்கள், கிளப் இன்னும் ஆழமாகப் புதையும். இந்த ஷாட்டில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: கிளப்பின் எந்த விளிம்பு முதலில் மணலைத் தொடுகிறது? அது பிடிபட்டுவிட்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகப் புரியும்.

உங்கள் சாண்ட் வெட்ஜைக் கையில் எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பந்தைத் தொடும் முகத்தின் கீழ்நுனி முன்விளிம்பு. அதற்குப் பின்னால் தடிப்பாக உருண்டு இறங்கும் பாகம் சோல். கிளப்பைத் தரையில் நேராக வைத்தால் சோலின் பின்பக்கம்தான் தரையில் படும், முன்விளிம்பு கொஞ்சம் தூக்கி நிற்கும். இந்தச் சாய்வுக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர். தலையில் 56-12 என்று பொறித்திருந்தால் லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, 56 டிகிரி, பவுன்ஸ் 12 டிகிரி. சாண்ட் வெட்ஜ்களில் பவுன்ஸ் பெரும்பாலும் 10 முதல் 14 வரை இருக்கும்.

சுவர் பூசும் கொத்தனாரைக் கவனித்திருக்கிறீர்களா? ஈரப்பூச்சின் மேல் கரண்டியை இழுக்கும்போது, கரண்டி போகிற பக்கத்து விளிம்பை லேசாகத் தூக்கியே பிடித்திருப்பார். அதனால்தான் கரண்டி பூச்சின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதே விளிம்பைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், பூச்சை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். மணலில் சாண்ட் வெட்ஜும் அப்படித்தான். பின்பக்கம் முதலில் பட்டால் மணல் அதைத் தாங்கி மேலே தள்ளும், கிளப் மேலாக ஓடி வெளியே வரும். முன்விளிம்பு முதலில் பட்டால் மண்வெட்டி மாதிரி கீழேதான் போகும்.

பழைய காலத்து நிப்ளிக் என்ற கிளப்புக்கு இந்தத் தடிப்பு இல்லை, அடி மெல்லியதாக இருக்கும், மணலில் புதையும். ஜீன் சாராசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர்தான் நிப்ளிக்கின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி ராவிப் பார்த்தார். அந்தக் கிளப்போடுதான் 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் ஓப்பன் பட்டத்தை வென்றார். இன்று நம் பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, பவுன்ஸ் கிளப்பிலேயே இருக்கிறதே, பிறகு ஏன் புதைகிறது? நாமே அதைத் தொலைத்துவிடுகிறோம். புல்லில் அயர்ன் அடித்துப் பழகிய கை, பந்தை அடிக்கும் நேரத்தில் கிரிப்பை இலக்கின் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஷாஃப்ட் முன்னால் சாயும் ஒவ்வொரு டிகிரிக்கும் பவுன்ஸில் ஏறக்குறைய ஒரு டிகிரி போய்விடும். 12 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜை 10 டிகிரி முன்னால் சாய்த்து அடித்தால் மிச்சம் 2 டிகிரிதான். அது கிட்டத்தட்ட அந்தப் பழைய நிப்ளிக்.

முகத்தைத் திறப்பது இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வீட்டுத் தரையில் வெட்ஜை வைத்து, முன்விளிம்புக்குக் கீழே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இப்போது ஷாஃப்ட்டை வலப்பக்கம் மெதுவாக உருட்டுங்கள், முகம் வானத்தைப் பார்க்க ஆரம்பிக்கும், அந்த இடைவெளி பெரிதாகும், பின்விளிம்பு இன்னும் தாழும். லாஃப்ட்டும் கூடுகிறது, பவுன்ஸும் கூடுகிறது. கிரிப்பைத் தரையை நோக்கிக் கொஞ்சம் தாழ்த்தினால் இன்னும் கூடும். ஒரு நிமிடம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

(எல்லாம் வலது கைக்காரர்களுக்காக எழுதியிருக்கிறேன், இடது கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.)

1. முதலில் முகம், அப்புறம் கிரிப்

தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், நானும் பல மாதம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்: வழக்கம்போல் கிரிப்பைப் பிடித்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி முகத்தைத் திறப்பது. பார்க்கத் திறந்த மாதிரியே இருக்கும். ஆனால் வீசும்போது கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பும், அதோடு முகமும் மூடிக்கொள்ளும், முன்விளிம்பு மணலில் இறங்கும். அதனால் வலது கையால் ஷாஃப்ட்டைப் பிடித்து, முகத்தைத் தேவையான அளவு திறந்து நிறுத்துங்கள். அது அசையாமல் இருக்க, அதன்மேல் இடது கையை வழக்கமான பிடியில் வையுங்கள், பிறகு வலது கை.

எவ்வளவு திறப்பது? கடிகாரத்தில் கொடி 12 மணியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்விளிம்பு 12-க்கும் 1-க்கும் நடுவில் பார்க்கட்டும். ஆரம்பத்துக்கு அது போதும்.

2. நிற்கும் முறை

பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்க வேண்டும். கால்களைத் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக வைத்து, பாதத்தை மணலில் லேசாக அழுத்தித் திருகி ஊன்றுங்கள். வழுக்காமல் நிற்க மட்டுமல்ல, பாதம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் வீச்சின் அடிமட்டமும் அதே அளவு இறங்கும், நமக்குத் தேவையானது அதுதான். எடையில் பாதிக்கு மேல் இடது காலில் இருக்கட்டும், அது கடைசி வரை அங்கேயே இருக்கட்டும். வலது காலில் சாய்ந்து பந்தைத் தூக்கிவிடப் பார்த்தால் கிளப் பந்துக்கு ரொம்பப் பின்னாலேயே மணலைத் தொட்டுவிடும்.

முழங்காலை வழக்கத்தைவிடக் கூடுதலாக மடக்கி, கைகளைத் தாழ்த்துங்கள். கிரிப்பின் நுனி தொப்புளைப் பார்க்கட்டும், இடது தொடையைப் பார்க்கக் கூடாது. ஷாஃப்ட் சாய்ந்தால் பவுன்ஸ் போய்விடும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். முகம் கொடிக்கு வலப்பக்கம் பார்ப்பதால், பாதங்களும் தோளும் கொடிக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும்படி நில்லுங்கள்.

ஒரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின்போது பந்துக்கு முன்னாலோ பின்னாலோ மணலில் கிளப்பை ஊன்றக் கூடாது, ஒத்திகை வீச்சில் மணலைத் தொடவும் கூடாது, இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. கிளப் மணலுக்கு மேலே மிதந்தபடி இருக்கட்டும்.

3. வீச்சு

ஒரு 500 ரூபாய் நோட்டை மணலில் நீளவாக்கில் வைத்து, அதன் நடுவில் பந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டு 15 செ.மீ. நீளம். பந்துக்குப் பின்னால் ஐந்தாறு சென்டிமீட்டரில், அதாவது நோட்டின் பின்ஓரத்தையொட்டி, கிளப் உள்ளே போய், முன்ஓரத்தில் வெளியே வர வேண்டும். நோட்டையும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய மணல் படலத்தையும் சேர்த்து கிரீனில் எறிவதுதான் வேலை. கிளப் பந்தைத் தொடுவதே இல்லை, மணல்தான் பந்தைச் சுமந்து போகிறது.

மணலைச் சுமக்க வேண்டியிருப்பதால் வேகம் வேண்டும். புல்லில் இதே தூரத்துக்கு அடிப்பதைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்கான வீச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மணலில் பட்டதும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பு திரும்பி நெஞ்சு கொடியைப் பார்க்கும் வரை வீச்சு போகட்டும். முகத்தை மூடாமல் வந்திருந்தால், கை இடுப்பு உயரத்தைத் தாண்டும்போதும் கிளப்ஃபேஸ் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

4. மணலில் விழுந்த தடத்தைப் படியுங்கள்

பந்து எங்கே போனது என்று மட்டும் பார்த்துவிட்டு ரேக்கை எடுத்துவிடாதீர்கள். பயிற்சி பங்கரில் பந்தே இல்லாமல் மணலில் ஒரு நீளக் கோடு போட்டு, அதை இரண்டு கால்களுக்கு நடுவே, இடது குதிகாலுக்குச் சற்றுப் பின்னால் வருமாறு வைத்து, கோட்டின் மேல் ஒவ்வொரு அடியாக அடித்துக்கொண்டே நகருங்கள். ஒவ்வொரு தடமும் கோட்டிலேயே தொடங்க வேண்டும், நோட்டு நீளத்துக்கு, ஆழமில்லாத தட்டு மாதிரி இருக்க வேண்டும். சரியாக அடித்தால் சத்தமும் வேறு, 'தொப்' என்று மெத்தையைத் தட்டியதுபோல் கேட்கும்.

தடம் குட்டையாக, ஆழமாக, முன்பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக இருந்தால் முன்விளிம்பு இறங்கியிருக்கிறது. கிரிப் முன்னால் சாய்ந்ததா, பிடித்த பிறகு முகத்தைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். தடம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் தொடங்கினால் எடை வலது காலில் தங்கிவிட்டது.

ஒரு உதாரணம். பந்து மணலின் மேல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, பங்கரின் உதடு, அதாவது பந்து தாண்ட வேண்டிய மேல்விளிம்பு, முழங்கால் உயரம், கொடி 12 மீட்டரில். புல்லாக இருந்தால் 36 மீட்டருக்கு அடிக்கும் அளவுக்கு, அதாவது பின்னால் இழுக்கும்போது இடது கை தரைக்குக் கிடையாக வரும் அளவுக்கு வீசினால் பெரும்பாலும் சரியாக வரும். முதல் அடி கொடிக்கு 4 மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள், தடத்தைப் பாருங்கள். தடம் அழகாக இருந்தால் மட்டும் அடுத்த முறை வீச்சை நீட்டுங்கள். ஆழமாக இருந்தால் வீச்சு அதே அளவு, முகத்தையும் கையையும் மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

எப்போது முகத்தைத் திறக்கக் கூடாது

இதெல்லாம் மென்மையான, போதிய ஆழமுள்ள மணலுக்குத்தான். மழை பெய்து இறுகிய மணலிலோ, கீழே கெட்டித் தரை இருக்கும் மெல்லிய மணலிலோ இதே பவுன்ஸ் எதிரியாகிவிடும். பின்விளிம்பு தரையில் பட்டுத் துள்ளும், முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும், பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். பாதத்தை ஊன்றும்போதே இது தெரிந்துவிடும், பாதம் இறங்காமல் கடினமாக நின்றால் முகத்தைத் திறக்காமல் நேராக வைத்து, வீச்சைக் குறைத்து அடியுங்கள். 6, 8 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜ் பையில் இருந்தால் அதுவே மேல்.

பந்து பாதி புதைந்து, சுற்றி மணல் வளையம் நின்றால் வேலை தலைகீழ். இப்போது கிளப் தோண்டத்தான் வேண்டும். முகத்தை நேராகவோ கொஞ்சம் மூடியோ வைத்து, பந்துக்குச் சற்றுப் பின்னால் செங்குத்தாக இறக்குங்கள், கிளப் மணலில் நின்றுவிட்டாலும் பரவாயில்லை. பந்து தாழ்வாக வந்து விழுந்த பிறகு நிறைய ஓடும், அதற்கு இடம் விட்டுக் குறிவையுங்கள். உதடு உயரமாக இருந்து, பந்தும் அதன் அடியிலேயே புதைந்திருந்தால் ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு பங்கருக்குள்ளேயே டிராப் செய்யலாம். 2019 முதல் இன்னொரு வழியும் உண்டு: இரண்டு ஸ்ட்ரோக் கொடுத்தால், கொடியும் பந்தும் சேரும் நேர்கோட்டில் பின்னால் போய் பங்கருக்கு வெளியே டிராப் செய்துகொள்ளலாம்.